திசை சரியாக இருந்தும் பிரீமியம் இறங்குகிறதா? ஐவி, தீட்டா கோளாறுகளைக் கண்டுபிடிக்கும் வழி

கால், புட், டெல்டா, ஸ்ப்ரெட் எல்லாம் தெரிந்து, சில மாதங்களாவது நிஃப்டி ஆப்ஷனில் வாங்கி விற்றவர்களுக்கான குறிப்பு இது. அப்படிப்பட்டவர்களிடம் வரும் புகார்கள் பெரும்பாலும் ஒரே வகைதான்: "நான் நினைத்தது நடந்தது, ஆனால் பணம் வரவில்லை." இதற்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில் "ஐவி இறங்கிவிட்டது" அல்லது "தீட்டா தின்றுவிட்டது". இரண்டும் தப்பில்லை. ஆனால் எது எவ்வளவு தின்றது, அதை முன்கூட்டியே தெரிந்துகொண்டிருக்க முடியுமா என்பதைச் சொல்லாத பதில் அடுத்த டிரேடுக்கு உதவாது.

கீழே ஒரே உதாரணத்தைத்தான் கடைசிவரை இழுத்துக்கொண்டு போகிறேன். எண்கள் கணக்குக்காக எடுத்தவை. சந்தையில் நடந்த உண்மை விலைகள் வரும் இடத்தில் தேதியோடு சொல்கிறேன். வட்டியை ஒதுக்கிவிட்டு, வருடத்துக்கு 365 நாள் என்று எல்லா நாளையும் ஒரே மாதிரி எண்ணியிருக்கிறேன்.

கோளாறு தேடும் முன்: நான்கு எண்கள்

டிரேடில் நுழையும்போதும் வெளியேறும்போதும் நான்கு எண்கள் கையில் இருந்தால் மீதியைப் பிறகு கணக்குப் போட்டுக்கொள்ளலாம். ஃபார்வர்ட் விலை, உங்கள் ஸ்ட்ரைக்கின் ஐவி, மிச்சமுள்ள நாட்கள், பிரீமியம்.

இதில் பிரீமியத்துக்கு எல்டிபியை எடுக்காதீர்கள். அது கடைசியாக நடந்த வியாபாரத்தின் விலை. ஸ்ட்ரைக் கொஞ்சம் தள்ளி இருந்தால் அது பத்து நிமிடம் பழையதாகக்கூட இருக்கும். பிட், ஆஸ்க் இரண்டின் நடுவிலையை எடுங்கள். "பிரீமியம் நகரவே இல்லை" என்ற புகார்களில் சில இந்த இடத்திலேயே தீர்ந்துவிடும்.

ஃபார்வர்டுக்கு நிஃப்டி ஸ்பாட் போதாது. வாராந்திர எக்ஸ்பைரிக்கென்று தனி ஃபியூச்சர் கிடையாது என்பதால், ஏ.டி.எம். ஸ்ட்ரைக்கில் இருந்தே எடுக்க வேண்டும்: ஸ்ட்ரைக் + கால் விலை − புட் விலை. நிஃப்டி ஆப்ஷன் ஐரோப்பிய வகை, அதாவது எக்ஸ்பைரிக்கு முன் எக்ஸர்சைஸ் செய்ய முடியாதது என்பதால் இந்தக் கணக்கு நன்றாகவே பொருந்தும். ஒரே ஸ்ட்ரைக்கில் காலுக்கு 13, புட்டுக்கு 16 என்று ஐவி திரையில் வித்தியாசமாகத் தெரிந்தால், சந்தை புட்டை விலை ஏற்றி வைத்திருக்கிறது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். திரை எடுத்துக்கொண்ட வட்டி விகிதமும் ஸ்பாட்டும் சந்தையின் ஃபார்வர்டோடு ஒத்துப்போகவில்லை என்பதுதான் அதற்கு வழக்கமான காரணம். சரியான ஃபார்வர்டைப் போட்டால் இரண்டும் ஒரே எண்ணுக்கு வந்துவிடும்.

கணக்குப் போட இவ்வளவு போதும்:

```python
from math import log, sqrt
from statistics import NormalDist
N = NormalDist().cdf

def call(F, K, days, iv):
    s = iv * sqrt(days / 365)
    d1 = log(F / K) / s + s / 2
    return F * N(d1) - K * N(d1 - s)

def put(F, K, days, iv):
    return call(F, K, days, iv) - F + K
```

அறிகுறி 1: நிஃப்டி ஏறியது, என் கால் இறங்கியது

நாளை ஒரு பெரிய அறிவிப்பு. பட்ஜெட், தேர்தல் முடிவு, எதுவாகவும் இருக்கட்டும். நிஃப்டி ஃபார்வர்ட் 23,000. எக்ஸ்பைரிக்கு 3 நாள். 23,300 கால் ஐவி 28%. மேலே உள்ள கணக்கில் போட்டால் பிரீமியம் 114. வாங்கிவிட்டீர்கள். மறுநாள் அறிவிப்பு வந்து நிஃப்டி 150 புள்ளி ஏறி 23,150. ஆனால் ஐவி 14%க்கு வந்துவிட்டது, மிச்சம் 2 நாள். கால் விலை 39. திசை சரி, போட்ட பணத்தில் மூன்றில் இரண்டு பங்கு காலி.

இப்போது ஒவ்வொரு எண்ணாக மாற்றிப் பார்க்கலாம்.

```python
call(23000, 23300, 3, 0.28)   # 114
call(23150, 23300, 3, 0.28)   # 168
call(23150, 23300, 2, 0.28)   # 126
call(23150, 23300, 2, 0.14)   # 39
```

நிஃப்டி ஏறியதால் 54 லாபம். ஒரு நாள் கழிந்ததால் 42 நஷ்டம். ஐவி இறங்கியதால் 87 நஷ்டம். ஆக, குற்றவாளி ஐவி என்று தோன்றும்.

கொஞ்சம் பொறுங்கள். அதே கணக்கை வரிசை மாற்றிப் போடுங்கள்: 168க்குப் பிறகு முதலில் ஐவியை 14 ஆக்குங்கள், அப்புறம் ஒரு நாளைக் கழியுங்கள். 168 இப்போது 58 ஆகிறது, பிறகு 39. அதாவது ஐவியால் 110, தீட்டாவால் 19. கூட்டுத்தொகை அதே 129தான். ஆனால் பங்கு மாறிவிட்டது. தீட்டாவின் பங்கு 42 என்பதும் சரி, 19 என்பதும் சரி.

இதில்தான் விஷயமே இருக்கிறது. விலை வாய்பாட்டில் ஐவியும் நாட்களும் தனித்தனியாக எங்கேயும் வருவதில்லை. இரண்டும் சேர்ந்து `iv * sqrt(days / 365)` என்ற ஒரே எண்ணாகத்தான் உள்ளே போகின்றன. அதன் வர்க்கத்தை, அதாவது ஐவியின் வர்க்கத்தை நாட்களால் பெருக்கியதை, மொத்த வேரியன்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பிரீமியம் கொடுத்து வாங்குவது அந்த மொத்தத்தைத்தான். அது எந்த நாளில் எவ்வளவு செலவாகப் போகிறது என்பதுதான் கேள்வி. அந்தச் செலவுக்கு தீட்டா என்று பெயர் வைப்பதா, ஐவி கிரஷ் என்று பெயர் வைப்பதா என்பது உங்கள் மென்பொருள் எடுக்கும் முடிவு.

நம் உதாரணத்தில் அந்தச் செலவுப் பட்டியலை முன்னாலேயே எழுத முடியும். 3 நாள் எக்ஸ்பைரியில் 28%. அதற்கு அடுத்த வார எக்ஸ்பைரிக்கு 10 நாள், ஐவி 19.3% என்று வைத்துக்கொள்வோம். இரண்டிலும் அறிவிப்பு நாள் உள்ளே இருக்கிறது. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் அறிவிப்பு இல்லாத 7 சாதாரண நாட்கள் மட்டும் மிஞ்சும்.

```
10 நாள்:  0.193² × 10 = 0.3725
 3 நாள்:  0.28²  × 3  = 0.2352
மீதி 7 நாள்:            0.1373
ஒரு நாளுக்கு:           0.0196   →  √0.0196 = 14%
```

சாதாரண நாளின் ஐவி 14% என்று சந்தையே சொல்லிவிட்டது. 3 நாளில் இரண்டு சாதாரண நாளுக்கு 0.0392 போக, அறிவிப்பு நாளுக்கு மட்டும் 0.196. அதன் வர்க்கமூலம் 44.3%. ஒரு நாள் அளவுக்குக் கொண்டுவர √365, அதாவது 19.1 ஆல் வகுத்தால் 2.32%, 23,000ல் 533 புள்ளி. இது ஒரு திட்ட விலக்கம். சராசரியாக எதிர்பார்க்கும் நகர்வு இதில் சுமார் 80%, அதாவது 425 புள்ளி.

இதைத் தெரிந்துகொண்டு மறுபடியும் டிரேடைப் பாருங்கள். எந்தப் பக்கமாக இருந்தாலும் 425 புள்ளி நகரும் என்ற விலைக்கு வாங்கினீர்கள், வந்தது 150. ஐவி 14க்கு இறங்கியது திடீர் விபத்தே இல்லை, முந்தைய நாள் மாலையிலேயே இரண்டு எக்ஸ்பைரிகளின் விலையில் அது எழுதியிருந்தது.

ஆனால் "அறிவிப்பு முடிந்தால் ஐவி விழும்" என்பதை விதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2024 மக்களவைத் தேர்தல் நல்ல பாடம். மே 31 அன்று இந்தியா விக்ஸ் 24க்கு மேலே. வார இறுதியில் கருத்துக்கணிப்புகள் வந்தன. ஜூன் 3 திங்கள் நிஃப்டி 3%க்கு மேல் ஏறியது, விக்ஸ் 21 பக்கம் இறங்கியது. அன்று தள்ளியிருந்த கால்களை வைத்திருந்தவர்களுக்கு ஏற்றத்தின் முழுப் பலன் கிடைக்கவில்லை. ஜூன் 4, வாக்கு எண்ணிக்கை. அறிவிப்பு வந்துவிட்டது, ஐவி விழ வேண்டும். ஆனால் முடிவு கணிப்புக்கு மாறாக வந்ததால் நிஃப்டி கிட்டத்தட்ட 6% சரிந்து 21,884ல் முடிந்தது. விக்ஸ் நடுவில் 30ஐத் தாண்டிவிட்டு 26–27ல் நின்றது. அடுத்த கேள்வி முளைத்துவிட்டது அல்லவா: யார் ஆட்சி அமைப்பார்கள்? அது தெளிவானபோதுதான், ஜூன் 5 அன்று, விக்ஸ் 19க்குக் கீழே போனது. நிஃப்டியும் 3%க்கு மேல் மீண்டது. 4ஆம் தேதி மாலை பயத்தில் புட் வாங்கியவருக்கு டெல்டா, ஐவி, நாள் மூன்றும் ஒரே நேரத்தில் எதிராகப் போயின. ஆகவே கணக்கு சொல்வது "நிச்சயமின்மை தீர்ந்தால் இவ்வளவு இறங்கும்" என்பதை மட்டும். அது தீருமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

சரி, என்ன செய்வது? உங்கள் எதிர்பார்ப்பு 425ஐ விடக் குறைவாக இருந்தால் தனிக் கால் வாங்க வேண்டாம். 23,300 காலை வாங்கி 23,600 காலை விற்றால், அதே 28%ல் விற்பனை 48 கொடுக்கிறது; ஸ்ப்ரெட்டின் விலை 66. மறுநாள் அதே 23,150, 14%, 2 நாளில் 23,600 கால் 3 ரூபாய், ஸ்ப்ரெட் 36. நஷ்டம் 75க்குப் பதில் 30. திசை சரியாக இருந்தும் இன்னும் நஷ்டம்தான், ஏனென்றால் 150 புள்ளி போதவில்லை. ஆனால் சந்தை மிகையாக விலை வைத்த வேரியன்ஸில் ஒரு பகுதியைத் திருப்பி விற்றுவிட்டீர்கள். பதிலுக்கு 23,600க்கு மேல் ஏறினால் கிடைக்கக்கூடியதை விட்டுக்கொடுக்கிறீர்கள். 600 புள்ளியை நன்றாகத் தாண்டும் என்று நம்புபவர் இந்த ஸ்ப்ரெட்டில் இறங்கக் கூடாது.

அறிகுறி 2: ஸ்ட்ராடில் விற்றேன், நிஃப்டி அசையவில்லை, பிரீமியமும் கரையவில்லை

இது முதல் அறிகுறியின் மறுபக்கம். அதே அறிவிப்பு, அதே எக்ஸ்பைரி, ஆனால் நீங்கள் எக்ஸ்பைரிக்கு 10 நாள் இருக்கும்போதே, அதாவது அறிவிப்புக்கு ஒரு வாரம் முன்னால், 23,000 ஸ்ட்ராடிலை விற்றீர்கள். ஐவி 19.3%, பிரீமியம் 586. திரையில் தீட்டா நாளுக்கு 29 என்று காட்டுகிறது. நாள் குறையக் குறைய இன்னும் வேகமாகும் என்று படித்திருக்கிறீர்கள். நிஃப்டி ஏழு நாள் 23,000லேயே நின்றால் 586 எவ்வளவாகும்? ஐவி மாறாமல் இருந்தால் 321.

நடப்பது வேறு. 6 நாள் இருக்கும்போது அது 521. 3 நாள் இருக்கும்போது, அறிவிப்புக்கு முந்தைய மாலை, 466. ஏழு நாளில் 265 கரைய வேண்டியது 120தான் கரைந்திருக்கிறது. ஐவியைப் பார்த்தால் 19.3, பிறகு 22.1, பிறகு 28 என்று ஏறிக்கொண்டே போகிறது. "யாரோ ஐவியை ஏற்றுகிறார்கள்" என்ற சந்தேகம் இந்த இடத்தில்தான் வரும்.

யாரும் ஏற்றவில்லை. அறிவிப்பு நாளின் 0.196 அப்படியே உள்ளே உட்கார்ந்திருக்கிறது. கழிந்த ஏழு நாளும் ஆளுக்கு 0.0196 மட்டும்தான் எடுத்துச் சென்றன. மிச்சமுள்ள மொத்தத்தை மிச்சமுள்ள குறைந்த நாட்களால் வகுக்கும்போது சராசரி ஏறுகிறது. ஐவி என்பது ஒரு சராசரி, அவ்வளவுதான். அறிவிப்பு முடிந்து நிஃப்டி அதே இடத்தில் நின்றால் ஸ்ட்ராடில் 466லிருந்து 190க்கு ஒரே நாளில் வரும். ஏழு நாளில் 120, ஒரு நாளில் 276. திரையின் தீட்டா எல்லா நாளையும் ஒரே எடையாகப் பாவித்ததுதான் கோளாறு.

இதே கோளாறு உங்களிடம் இருக்கிறதா என்று சோதிப்பது சுலபம். பிரீமியம் கரையாத நாட்களில் ஐவி ஏறுகிறது, ஆனால் ஐவியின் வர்க்கத்தை நாட்களால் பெருக்கினால் வரும் எண் சீராக, சின்னச் சின்னதாகக் குறைகிறது என்றால், உள்ளே ஒரு நிகழ்வு காத்திருக்கிறது. அந்தப் பெருக்கல் தொகையே ஏறினால்தான் சந்தை உண்மையில் புதிய பயத்தை விலையில் சேர்க்கிறது என்று பொருள். அது வேறு நோய், அங்கே பொசிஷனைக் குறைப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

அமைதியான கரைவை விரும்பும் விற்பவர், நிகழ்வுக்கு முன்னாலேயே முடிகிற எக்ஸ்பைரியை விற்கலாம். நிகழ்வைத் தாண்டும் எக்ஸ்பைரியை விற்றுவிட்டு அறிவிப்புக்கு முந்தைய நாள் மூடினால், கரையும் பகுதியில் சின்னத் துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரு வாரம் முழுக்க காமா ஆபத்தைச் சுமந்ததாக ஆகும்.

வார இறுதியும் இதே குடும்பம்தான். வெள்ளி மாலை விற்று திங்கள் காலை மூன்று நாள் தீட்டாவை எதிர்பார்ப்பவர்களுக்கு அது அபூர்வமாகத்தான் கிடைக்கும். சனி, ஞாயிறில் சந்தை மூடியிருப்பதால் அந்த இரண்டு நாளின் வேரியன்ஸ் குறைவு; விலை வைப்பவர்கள் அதை வெள்ளிக்கிழமையே கழித்துவிடுகிறார்கள். 365 நாள் எண்ணும் திரையில் இது வெள்ளி பிற்பகல் ஐவி தாழ்வதாகவும், திங்கள் காலை எகிறுவதாகவும் தெரியும்.

அறிகுறி 3: விக்ஸ் ஏறியது, என் புட்டுக்கு வேகா லாபம் வரவில்லை

முதல் சந்தேகம்: நீங்கள் பார்க்கும் விக்ஸும் வைத்திருக்கும் ஆப்ஷனும் வேறு வேறு காலத்துக்கானவை. இந்தியா விக்ஸ் நிஃப்டியின் நடப்பு மாத, அடுத்த மாத ஆப்ஷன்களின் விலையிலிருந்து, 30 நாளுக்கான மதிப்பாகக் கணக்கிடப்படுகிறது. நம் உதாரணத்தில் 30 நாளுக்கு மொத்தத்தை எழுதினால், ஒரு அறிவிப்பு நாளும் 29 சாதாரண நாளும் சேர்ந்து ஐவி 16% வருகிறது. அதே நேரத்தில் வார எக்ஸ்பைரி 28%ல் இருக்கிறது! அறிவிப்பு முடிந்ததும் விக்ஸ் 16லிருந்து 14க்கு வரும், "வெறும் இரண்டு புள்ளிதானே" என்று தோன்றும். உங்கள் வார ஆப்ஷனின் ஐவி பாதியாகியிருக்கும். வார ஆப்ஷனுக்கு விக்ஸை வைத்து வேகா கணக்குப் போடுவது ஆரம்பத்திலேயே தப்பு.

இரண்டாவது சந்தேகம் கொஞ்சம் நுட்பமானது. நிஃப்டியில் கீழ் ஸ்ட்ரைக் புட்டுகளின் ஐவி வழக்கமாக ஏ.டி.எம்.மை விட அதிகம். நிஃப்டி 23,000, ஏ.டி.எம். ஐவி 14, 22,500 புட்டின் ஐவி 17 என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் அந்தப் புட்டை வாங்கினீர்கள். நிஃப்டி 22,500க்கு இறங்குகிறது. இப்போது 22,500தான் ஏ.டி.எம்., அதன் ஐவி 17. எல்லோரும் "ஐவி 14லிருந்து 17க்கு ஏறிவிட்டது" என்கிறார்கள், விக்ஸும் ஏறியிருக்கிறது. ஆனால் உங்கள் ஸ்ட்ரைக்கின் ஐவி வாங்கும்போதும் 17, இப்போதும் 17. லாபம் முழுக்க டெல்டாவும் காமாவும் தந்தது. வேகா தந்தது பூஜ்யம். சந்தை வளைவின் மேல் இடம் மாறியது, வளைவு நகரவில்லை.

அதனால்தான் ஆரம்பத்தில் "உங்கள் ஸ்ட்ரைக்கின் ஐவி" என்று குறிக்கச் சொன்னேன். ஒரே ஸ்ட்ரைக்கின் ஐவியைத் தொடர்ந்து பாருங்கள். அது ஏறினால் ஐவி நிஜமாகவே ஏறியிருக்கிறது. 2024 ஜூன் 4 போன்ற நாட்களில் அப்படித்தான் ஆகும், வளைவே தூக்கப்படும். அது அசையாமல் ஏ.டி.எம். எண் மட்டும் ஏறினால், "விக்ஸ் ஏறட்டும், அதுவரை வைத்திருப்போம்" என்று காத்திருப்பதில் பயனில்லை. நிஃப்டி மெதுவாக ஏறும் வாரங்களில் கால் வைத்திருப்பவருக்கு இதே விஷயம் எதிர்ப்பக்கமாக நடக்கும்: ஏ.டி.எம். ஐவி வளைவில் கீழே சறுக்கும், பல நேரம் வளைவும் சேர்ந்தே இறங்கும், ஏற்றம் பிரீமியத்தில் பாதிதான் தெரியும்.

அறிகுறி 4: தீட்டா எனக்குச் சாதகம், கணக்கு சிவப்பில்

அறிவிப்பு முடிந்துவிட்டது. ஐவி 14, 2 நாள், நிஃப்டி 23,000. இனி அமைதிதான் என்று ஸ்ட்ராடிலை 190க்கு விற்கிறீர்கள். மறுநாள் நிஃப்டி அதே இடத்தில், ஐவியும் அதே 14 என்றால் ஸ்ட்ராடில் 134; 56 லாபம். திரையில் தீட்டா என்று தெரிவது இதைத்தான். ஆனால் அந்த 56 இனாம் கிடையாது. நிஃப்டி எவ்வளவு நகர்ந்தால் இது சரியாகப் பூஜ்யமாகும் என்று கணக்குப் போட்டால், எந்தப் பக்கமாக இருந்தாலும் சுமார் 160 புள்ளி. 300 நகர்ந்தால் ஸ்ட்ராடில் 305, 115 நஷ்டம்.

160 எங்கிருந்து வந்தது? 14%ஐ 19.1ஆல் வகுத்து 23,000ஆல் பெருக்கினால் 169 வரும். ஒரு நாளின் திட்ட விலக்கம். சமநிலைப் புள்ளி அதற்குப் பக்கத்தில்தான் இருக்கும். நாள்தோறும் டெல்டாவை ஹெட்ஜ் செய்பவருக்கும் இதே அளவுதான் லாப நஷ்ட எல்லை. ஆகவே விற்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி தீட்டா எவ்வளவு என்பதில்லை. சமீப நாட்களில் நிஃப்டி உண்மையில் நாளுக்கு எவ்வளவு நகர்ந்திருக்கிறது? 160க்கு மேல் போன நாட்கள் அடிக்கடி வந்திருந்தால் நீங்கள் காமாவை மலிவாக விற்றுவிட்டீர்கள் என்று பொருள். வர்த்தக நாள் கணக்கில் 252 நாள் வைத்து யோசிப்பவர்கள் 19.1க்குப் பதில் 15.9 போடுவார்கள், 203 வரும். எதையும் பயன்படுத்தலாம், ஆனால் ஐவியை ஒரு கணக்கிலும் நகர்வை இன்னொரு கணக்கிலும் எடுத்தால் ஐந்தில் ஒரு பங்கு பிழை அங்கேயே வந்துவிடும்.

கணக்கு சிவப்பில் இருப்பதற்கு நகர்வும் காரணமில்லை, உங்கள் ஸ்ட்ரைக்கின் ஐவியும் ஏறவில்லை என்றால், விற்ற விலைக்கும் நடுவிலைக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். எக்ஸ்பைரி நெருங்க நெருங்க தள்ளியிருக்கும் ஸ்ட்ரைக்குகளில் பிட்–ஆஸ்க் இடைவெளி பிரீமியத்தில் பெரிய பங்காகிவிடும். எக்ஸ்பைரி நாளில் விற்ற பொசிஷன்களுக்கு கூடுதலாக 2% மார்ஜின் என்று செபி 2024 அக்டோபரில் அறிவித்ததையும் மறக்க வேண்டாம். அது நஷ்டத்தைச் சேர்க்காது, ஆனால் தவறான நேரத்தில் மூட வைக்கும்.

அறிகுறி 5: எக்ஸ்பைரி நாள், 3:15, கால் உள்ளே இருக்கிறது, விலை ஏன் இவ்வளவு குறைவு?

நிஃப்டி 23,040. உங்களிடம் 23,000 கால். 40 ரூபாயாவது இருக்க வேண்டும். சந்தையில் 15, 16 என்று ஓடுகிறது. ஐவி பத்தியில் கோடு அல்லது அர்த்தமில்லாத எண். யாரோ விலையை அழுத்துகிறார்கள் என்று நினைத்து இன்னும் வாங்குபவர்கள் உண்டு.

இங்கே ஐவியும் தீட்டாவும் நிரபராதிகள். நிஃப்டி ஆப்ஷன் தீர்வது கடைசி டிக்கில் அல்ல, குறியீட்டின் இறுதி மதிப்பில். அந்த மதிப்பு, பங்குகளின் கடைசி அரை மணி நேர எடையிட்ட சராசரி விலையிலிருந்து வருவது. 3:00 முதல் 3:15 வரை நிஃப்டி சராசரியாக 22,990ல் இருந்து, இப்போது 23,040க்கு ஏறியிருந்தால், பாதிச் சராசரி ஏற்கனவே எழுதப்பட்டுவிட்டது. இங்கேயே கடைசிவரை நின்றாலும் முடிவு 23,015 பக்கம்தான். கால் 15 என்பது சரியான விலை. 3:25க்கு நிஃப்டி 30 புள்ளி துள்ளினாலும் சராசரி சுமார் 5 புள்ளிதான் நகரும். காமா கையைவிட்டுப் போயிருக்கும்.

அந்த அரை மணியில் கிரீக்ஸைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு 3:00லிருந்து ஓடும் சராசரியை நீங்களே குறியுங்கள். ஒரு நிமிடத்துக்கு ஒரு முறை குறியீட்டை எழுதிச் சராசரி எடுத்தால் போதும்; வியாபார அளவின் எடை இல்லாததால் சில புள்ளி தவறும், ஆனால் 40க்கும் 15க்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டிவிடும். இறுதி மதிப்பைக் கணக்கிடும் விதி மாறக்கூடியது என்பதால், நீங்கள் வைத்திருக்கும் எக்ஸ்பைரிக்கு எது அமலில் இருக்கிறது என்று என்.எஸ்.இ. சுற்றறிக்கையில் ஒரு முறை பார்த்துவிட்டு இந்தக் கணக்கைப் போடுங்கள்.